சம்பவ அறிக்கையில் சோர்வை எப்படி எழுதுவது? கேள்வி பதில்

கேள்வி (வார்டு பொறுப்புச் செவிலியர்): ஐயா, இரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசி எங்கள் வார்டில் ஒரு நோயாளிக்கு ஒரே இரவில் இரண்டு முறை போடப்பட்டுவிட்டது. நல்லவேளையாக அவருக்குப் பாதிப்பு எதுவும் இல்லை. ஊசி போட்ட செவிலியர் காலையிலிருந்தே பணியில் இருந்தவர். ‘சோர்வினால் கவனிக்கவில்லை’ என்று எழுதினால் அவரைக் குற்றம் சொன்னது போல் இருக்கிறது, எழுதாமல் விட்டால் மறைத்தது போல் இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: அந்த வாக்கியத்தில் இருப்பவை இரண்டும் ஊகங்கள். அவர் சோர்ந்திருந்தார் என்பது ஓர் ஊகம், அதனால்தான் கவனிக்கவில்லை என்பது இன்னோர் ஊகம். அவற்றின் இடத்தில் கடிகாரம் காட்டிய நேரங்களையும், அந்த நேரத்தில் அவர் கண்முன் என்ன இருந்தது என்பதையும் எழுதுங்கள். நீங்கள் அனுப்பியிருந்த விவரங்களை வைத்து நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

“செவிலியர் 07:00 மணிக்குப் பணியேற்றார். ரோஸ்டர்படி அவரது பணி 14:00 மணிக்கு முடிய வேண்டும். மாலைப் பணிக்கு உரியவர் வராததால், பணியில் தொடருமாறு வார்டு நிர்வாகம் கேட்டுக்கொண்டது. 21:15 மணிக்கு ஊசி போடப்பட்டபோது அவர் பணியேற்று 14 மணி 15 நிமிடம் ஆகியிருந்தது. இடையில் அவருக்குக் கிடைத்த ஓய்வு 14:20 முதல் 14:40 வரை. முந்தைய நாள் அவர் பணி முடித்தது 20:30 மணிக்கு.

நோயாளி 20:30 மணிக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வார்டுக்கு மாற்றப்பட்டார். அங்கே 20:00 மணிக்கு ஊசி போடப்பட்டு, அப்பிரிவின் மருந்துத் தாளில் குறிக்கப்பட்டிருந்தது. அந்தத் தாள் நோயாளியுடன் வரவில்லை. 22:40 மணிக்கு வந்தது. வார்டில் புதிதாக எழுதிய தாளில் அதே ஊசிக்கு 21:00 மணி என்று குறிக்கப்பட்டிருந்தது. தொலைபேசியில் நடந்த ஒப்படைப்பில் ஊசி பற்றிப் பேசியதாக இரு தரப்பிலும் யாருக்கும் நினைவில்லை.”

இதில் நிர்வாகம் கேட்டுக்கொண்டது என்ற வரியை விட்டுவிடாதீர்கள். வெறுமனே ‘பணியில் தொடர்ந்தார்’ என்று எழுதினால், நீண்ட நேரம் வேலை செய்தது அவரே எடுத்த முடிவு போல் வாசிப்பவருக்குத் தோன்றும். அதேபோல், தாள் நோயாளியுடன் வரவில்லை என்ற செய்தி அறிக்கையில் இருந்தால், ‘கவனிக்கவில்லை’ என்ற சொல்லுக்கு இடமே இருக்காது. 21:15 மணிக்குக் கவனித்துப் பார்ப்பதற்கு அவர் கையில் வேறு தாள் இருக்கவில்லை.

கேள்வி (தொழிற்சாலைப் பாதுகாப்பு அலுவலர்): நாங்கள் ஏற்கெனவே ஆளைக் குறை சொல்வதில்லை. ‘மூல காரணம்: பணிச்சோர்வு. நடவடிக்கை: போதிய ஓய்வு எடுக்க அறிவுரை வழங்கப்பட்டது’ என்றுதான் எழுதுகிறோம். இது சரியான முறைதானே?

பதில்: பெயரைச் சொல்லி வையாமல் இருப்பது வரை சரி. ஆனால் நடவடிக்கை யாரை நோக்கிச் செல்கிறது என்று பாருங்கள்: ஓய்வெடுக்க வேண்டிய பொறுப்பு தொழிலாளியின் தலையில் விழுகிறது. ஒரு ஷிஃப்டுக்கும் அடுத்த ஷிஃப்டுக்கும் இடையில் எட்டு மணி நேரம் மட்டுமே விட்டு ரோஸ்டர் போட்டிருந்தால், பயணம், குளியல், சாப்பாடு எல்லாம் போக அவர் எவ்வளவு நேரம் தூங்கியிருக்க முடியும்? அறிவுரையால் அந்த இடைவெளி நீளாது.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. சோர்வை மூல காரணம் என்று எழுதிவிட்டால் விசாரணை அங்கேயே நின்றுவிடும். ஆகவே இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். முதலாவது, சோர்வு உண்டாகக்கூடிய நிலை இருந்ததா என்பது: பணி நேரம், விழித்திருந்த நேரம், முந்தைய நாட்களின் தூக்கம், உடல் இயல்பாகவே மந்தமாகும் அதிகாலை 2 மணி முதல் 6 மணி வரையிலான நேரமா என்பவை இதில் அடங்கும். இரண்டாவது, நடந்த தவறு சோர்வோடு பொருந்துகிறதா என்பது. ஒரு படியைத் தாண்டிவிடுவது, அலாரத்துக்குத் தாமதமாக அசைவது, மாறிய நிலைமையைக் காணாமல் பழைய திட்டத்திலேயே தொடர்வது ஆகியவை பொருந்தும்.

மேலே சொன்ன ஊசி விஷயத்தில் முதல் கேள்விக்கு ‘ஆம்’ என்று தயங்காமல் சொல்லலாம். இரண்டாவதற்கு அப்படிச் சொல்ல முடியாது. நன்றாகத் தூங்கி எழுந்து அப்போதுதான் பணியேற்ற ஒருவரிடம் அதே தாளைக் கொடுத்திருந்தாலும் அவரும் அந்த ஊசியைப் போட்டிருப்பார். எனவே, ‘நீண்ட பணி நேரம் இருந்தது, இச்சம்பவத்தில் அதன் பங்கு உறுதியாகவில்லை. மருந்துத் தாள் உடன் வராத ஒப்படைப்பு இடைவெளி நேரடியாகப் பங்களித்தது’ என்று பிரித்து எழுதுவேன். சோர்வு என்று மட்டும் முடித்திருந்தால், அடுத்த நோயாளியும் தாள் இல்லாமலேயே வார்டுக்கு வந்திருப்பார்.

கேள்வி (ஓய்வுபெற்ற கட்டுப்பாட்டு அறை மேற்பார்வையாளர்): ரோஸ்டரை நம்பி எழுதக் கூடாது என்பதையும் சொல்லுங்கள். அது திட்டம் மட்டுமே. உண்மையில் யார் எத்தனை மணிக்கு வெளியே போனார் என்பது வாயில் பதிவில்தான் இருக்கும். டெக்சஸ் சிட்டி விபத்தில் நீண்ட பணி நேரமும் ஒப்படைப்புக் குறையும் சேர்ந்தே வந்தன அல்லவா?

பதில்: ஆம், நீங்கள் சொல்வது முற்றிலும் சரி. 2005 மார்ச் 23 அன்று டெக்சஸ் சிட்டி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் நடந்த வெடிப்பில் 15 பேர் இறந்தார்கள். அமெரிக்க இரசாயனப் பாதுகாப்பு வாரியத்தின் அறிக்கை, ஆபரேட்டர்கள் சிலர் 29 நாட்களோ அதற்கு மேலோ தொடர்ச்சியாக, நாளொன்றுக்கு 12 மணி நேரம் பணி செய்திருந்ததைப் பதிவு செய்தது. இரவு ஷிஃப்ட் லாக் புக்கில் விட்டுச்சென்ற குறிப்பு ஒரே ஒரு வரி. கோபுரத்தில் எவ்வளவு திரவம் ஏற்றப்பட்டிருந்தது என்பது அதிலிருந்து தெரியாது. திரவ மட்டம் காட்டும் கருவி தவறான அளவைக் காட்டியதையும், உயர்மட்ட அலாரம் ஒன்று ஒலிக்காததையும் அந்த அறிக்கை அவற்றோடு சேர்த்தே வைத்தது. அப்படி அருகருகே வைத்துப் படிக்கும்போது, ‘ஆபரேட்டர் ஏன் பார்க்கவில்லை’ என்ற கேள்வி, ‘பார்த்திருந்தால் அவருக்கு என்ன தெரிந்திருக்கும்’ என்று மாறிவிடுகிறது.

கேள்வி (ஒரு தொழிலாளி): நான் 16 மணி நேரம் வேலை பார்த்த பிறகு மெஷினில் ஒரு தவறு நடந்துவிட்டது. வாக்குமூலம் எழுதித் தரச் சொல்கிறார்கள். களைப்பாக இருந்தேன் என்று எழுதினால், ‘தெரிந்தே ஏன் வேலையில் நின்றாய்’ என்று என்னையே திருப்பிக் கேட்பார்களோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. நான் அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். எத்தனை மணிக்கு வந்தீர்கள், யார் எப்போது தொடரச் சொன்னார்கள், கடைசியாக எப்போது உட்கார்ந்தீர்கள், உங்களிடம் ஒப்படைத்தவர் மெஷினைப் பற்றி என்ன சொன்னார், என்ன சொல்லாமல் விட்டார் என்பவற்றை எழுதுங்கள். களைப்பாக இருப்பதாக அப்போதே யாரிடமாவது சொல்லியிருந்தால், சொன்ன நேரத்தையும் அவர் தந்த பதிலையும் எழுதுங்கள். சொல்லாததைச் சொன்னதாக ஒருபோதும் எழுதாதீர்கள். கையெழுத்திடும் முன் ஒரு நகலை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். ஒழுங்கு நடவடிக்கைக்கான வாக்குமூலமா, பாதுகாப்பு விசாரணைக்கான வாக்குமூலமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முதல் வகையானால், தொழிற்சங்கத்திலோ சட்டம் தெரிந்தவரிடமோ காட்டிய பிறகு கொடுப்பது நல்லது.

கேள்வி (ஷிஃப்ட் பொறியாளர்): 12 மணி நேரத்துக்கு உட்பட்ட ஷிஃப்ட் என்றால் இதையெல்லாம் எழுதத் தேவையில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். தொடர்ந்து ஆறாவது இரவாக வேலை செய்பவருக்கு எட்டு மணி நேர ஷிஃப்டும் கனமானதுதான். நேரம் குறைவாக இருந்தாலும் அதே கட்டங்களை நிரப்புங்கள். நீண்ட பணி நேரம் இல்லை என்பதும் விசாரணைக்குத் தேவையான ஒரு தகவலே.

கேள்வி (வார்டு பொறுப்புச் செவிலியர், மீண்டும்): அந்தச் செவிலியர் முந்தைய இரவு ஐந்து மணி நேரம்தான் தூங்கியதாக என்னிடம் சொன்னார். வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சலாம். அதையும் எழுதட்டுமா?

பதில்: விசாரணை செய்பவர்கள் வழக்கமாக முந்தைய 72 மணி நேரத்தின் தூக்கத்தைக் கேட்பார்கள், பயனுள்ள தகவல்தான். அவர் சம்மதித்தால், ‘முந்தைய இரவு ஏறத்தாழ 5 மணி நேரம் தூங்கியதாகத் தெரிவித்தார்’ என்று மட்டும் எழுதுங்கள். குழந்தையின் காய்ச்சல் அறிக்கைக்குள் வர வேண்டாம். அதற்கு மேலும், தூக்க விவரத்தைப் பலர் படிக்கும் அறிக்கையில் வைப்பதா, விசாரணைக் கோப்போடு நிறுத்திக்கொள்வதா என்பதில் அனுபவமுள்ளவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. நான் கோப்போடு நிறுத்துவேன். இந்தச் சம்பவத்தில் தாள் வராததை விளக்க அந்த ஐந்து மணி நேரத் தூக்கம் தேவைப்படவில்லை.