பெட்டியில் 120, பேனலில் 60: பிஎஸ்5க்கு இது போதுமா?

“அண்ணா, ஊர் கொழிஞ்சாம்பாறை. ஓணம் ஆஃபர்ல பாலக்காட்டுல 55 இன்ச் 4கே டிவி எடுத்தேன், பெட்டியில ‘120Hz DLG, HDMI 2.1’னு போட்டிருக்கு. பிஎஸ்5 மாட்டியாச்சு. நிஜமாவே 4கே-ல 120 ஃப்ரேம் வருதா, இல்ல ஏமாந்துட்டேனா?”

4கே வரும், 120ம் வரும், ஆனால் ரெண்டும் சேர்ந்து வராது தம்பி. அந்த DLG என்ற மூன்றெழுத்தில்தான் விஷயம் இருக்கிறது.

4கே பேனலில் மேலிருந்து கீழாக 2160 வரிகள். உங்கள் பேனல் அதை ஒவ்வொரு வரியாக எழுதி முடித்தால் நொடிக்கு 60 தடவைதான் எழுத முடியும். DLG என்றால் டூயல் லைன் கேட்: பக்கத்துப் பக்கத்து வரிகள் இரண்டை ஒரே நேரத்தில் திறந்து, இரண்டிலும் ஒரே தகவலைப் போட்டுவிடுவார்கள். வேலை பாதியாகிறது, அதனால் 120 தடவை எழுத முடிகிறது, ஆனால் தனித்தனியாக இருப்பது 1080 வரிகள்தான். கடைக்காரர் பொய் சொல்லவில்லை, பாதியோடு நிறுத்திக்கொண்டார். முழு 4கே-யில் 120 வேண்டுமென்றால் விவரப் பட்டியலில் ‘native 120Hz’ என்று இருக்க வேண்டும். HDMI 2.1 என்ற எழுத்தை நம்பி வாங்காதீர்கள், அதில் 4கே 120 என்பது கட்டாயமில்லை, வேறு ஏதாவது ஒரு வசதி இருந்தாலே அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம்.

இப்போது உங்கள் வீட்டில் என்ன ஓடுகிறது என்று பார்த்துவிடலாம். பிஎஸ்5-இல் Settings, Screen and Video, Video Output, அதற்குள் Video Output Information. இப்போது போகிற சிக்னல், டிவி ஏற்றுக்கொள்கிற சிக்னல் ரெண்டும் அங்கே இருக்கும். 1920 x 1080-க்கு 120 இருந்து 3840 x 2160-க்கு 60 மட்டும் இருந்தால் நான் மேலே சொன்னதுதான். முகப்புத் திரையில் எப்போதும் 60தான் காட்டும், பதற வேண்டாம், 120 ஆதரிக்கிற கேம் ஓடும்போதுதான் அது மாறும்.

அங்கேயே எச்டிஆர் வரவில்லை என்று தெரிந்தால் பெரும்பாலும் டிவியில் அந்த எச்டிஎம்ஐ போர்ட்டின் அமைப்பு பழைய நிலையிலேயே கிடக்கும். சோனியில் HDMI signal format, சாம்சங்கில் Input Signal Plus, எல்ஜியில் HDMI Deep Colour என்று பெயர் வேறுபடும், நீங்கள் எந்தப் போர்ட்டில் சொருகினீர்களோ அதற்கு மாற்றிவிடுங்கள். கேபிள் பிஎஸ்5 பெட்டியில் வந்ததையே போடுங்கள். வேலந்தாவளம் பக்கம் ஒரு வீட்டில் சுவருக்குள் ஏற்கெனவே விட்டிருந்த பழைய நீளமான கேபிளில்தான் போடணும் என்று பிடிவாதம், படம் வந்தது, ஆனால் நாலைந்து நிமிடத்துக்கு ஒருமுறை திரை ஒரு நொடி கறுத்துப் போனது. டிவியைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பிவிட்டார்கள். பெட்டிக் கேபிளை வெளியே தொங்கவிட்டதும் சரியாகிவிட்டது.

அடுத்தது கேம், இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். டிவியில் 2160p 60 என்று காட்டுவது சிக்னலை மட்டும். கேம் உள்ளே 1440 வரிகளில் வரைந்து பெரிதாக்கி அனுப்பினாலும், நொடிக்கு 30 ஃப்ரேம்தான் ஓடினாலும், அதே எழுத்துதான் வரும். பெரிய கதை கேம்களில் பெரும்பாலும் இரண்டு மோட் இருக்கும், ஒன்று தெளிவுக்கு (அதில் பெரும்பாலும் 30), இன்னொன்று வேகத்துக்கு (60, தெளிவு கொஞ்சம் ஏறி இறங்கும்). எது ஓடுகிறது என்று கண்ணாலேயே சொல்லலாம்: கேமுக்குள் ஒரு வேலிக்கோ ஜன்னல் கம்பிகளுக்கோ முன்னால் நின்று கேமராவைச் சீராகச் சுற்றுங்கள். கம்பிகள் தத்தித் தத்திப் போனால் 30. ஒரு படம் 33 மில்லி செகண்ட் நின்றுவிட்டுப் போகிறது, 60-இல் பதினேழுதான். இந்தச் சோதனைக்கு முன் டிவியில் கேம் மோடைப் போட்டுவிட்டு மோஷன் ஸ்மூத்திங்கை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் டிவியே இடையில் படங்களைச் செய்து நுழைத்து 30-ஐ 60 மாதிரி காட்டும், பட்டனை அமுக்கியதற்கும் அடி விழுவதற்கும் நடுவில் தாமதம் கூடும்.

நீங்கள் இழக்கிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சில கேம்களில் தெளிவு மோடிலேயே 40 ஃப்ரேம் உண்டு, 30-ஐ விட நன்றாகவே இருக்கும். 120-ஐ 40 மிச்சமில்லாமல் வகுக்கும், 60-ஐ வகுக்காது, அதனால் அதற்கு 4கே 120 சிக்னல் வேண்டும். உங்கள் டிவியில் அது வராது.

டிவியை மாற்றணுமா என்றால், சோபா எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்று முதலில் அளந்து பாருங்கள். 55 இன்ச்சில் சுமார் ஏழடிக்கு மேல் போய்விட்டால், நல்ல பார்வை உள்ளவருக்கே 1080-க்கும் 4கே-க்கும் வித்தியாசம் பிடிபடுவது கஷ்டம். பத்தடி தள்ளி உட்கார்ந்து துப்பாக்கி கேம் ஆடுகிறவருக்கு 1080-இல் 120 தாராளம். கதை கேம் என்றால் 4கே 60, வேக மோட். நாலைந்து அடியில் உட்கார்ந்து, 120 மோடில் கேமை நிறுத்தினால் வருகிற மெனுவின் பொடி எழுத்துகள் பல்லுப் பல்லாகத் தெரிந்து உறுத்துகிறதா? கடையின் மாற்றுக் கெடு முடிவதற்குள் பாலக்காட்டுக்கு பஸ் ஏறிவிடுங்கள்.