சென்னைக்குப் போன இடுப்பளவு

கேள்வி: ஆட்டம், பாட்டு, நடிப்பு எதுவானாலும் திறமையோடு அழகையும் ஏன் எடைபோடுகிறார்கள்? கலைஞர்களுக்கு இதனால் என்ன பாதிப்பு?

டர்பனில், சாட்ஸ்வர்த் பக்கம் பரதம் சொல்லிக்கொடுக்கிறேன். எனக்குத் தெரிந்த ஆட்டத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஆடுகிறவளுக்கு உடம்புதான் வாத்தியம். அதனால் முழங்கால்களை வெளிப்பக்கம் மடக்கி பாதி உட்கார்ந்தபடி நிற்கிற அரைமண்டியைக் கவனிக்கிற கண் இடுப்பையும் அளந்துவிடுகிறது. நம் சாஸ்திரமும் இதற்கு உடந்தை. அபிநய தர்ப்பணம் என்ற பழைய நாட்டிய நூலில் ஆடுபவளின் லட்சணங்கள் மெல்லிய உடல், அழகு என்றுதான் தொடங்குகின்றன. பாட்டையும் தாளத்தையும் ஒட்டி ஆடுவதெல்லாம் அப்புறம்தான். இத்தனைக்கும் அரைமண்டிக்குத் தேவை, தொடை இடுப்பு மூட்டிலிருந்து வெளிப்பக்கம் திரும்புவது. ஒல்லியான பிள்ளைக்கும் அது வராமல் போகலாம்.

என் மாணவி ஒருத்திக்குப் 16 வயது. அரங்கேற்ற உடுப்புக்குச் சென்னைக்கு அளவு அனுப்பினோம். பிள்ளை கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறாளே என்று வீட்டுப் பெரியவர் ஒருவர் சொல்ல, இடுப்பளவை இரண்டு அங்குலம் குறைத்தே எழுதினார்கள். உடுப்பு வருவதற்குள் அவள் இளைத்துவிடுவாளாம். அந்தக் காகிதத்தை நானும் பார்த்தேன், சும்மா இருந்துவிட்டேன்.

அவள் இரவுச் சாப்பாட்டை விட்டாள். தினமும் மூன்று மணிநேரம் சாதகம். சில மாதத்தில் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி. எலும்போரம் நீளமாகப் பரவி, உடம்பு சூடேறியதும் குறைகிற வலி என்றால் பெரும்பாலும் அதிகப் பயிற்சியால் வருவது, எலும்பு விரிசலாக இருக்காது. இவளுக்கு ஒரே இடம். விரல் நுனியால் தொட்டுக் காட்டினாள், படுத்தாலும் வலித்தது. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. தொடக்கத்தில் தெரியாமல் இருப்பது சகஜம்தான். எம்.ஆர்.ஐ.யில் மயிரிழை விரிசல் இருந்தது.

டாக்டர் காலைப் பார்ப்பதற்கு முன்னாலேயே மாதவிலக்கைப் பற்றிக் கேட்டார். நான்கு மாதமாக வரவில்லை. அவள் அம்மாவுக்கே அப்போதுதான் தெரியும். உழைப்புக்கு ஏற்ற சாப்பாடு இல்லையென்றால் உடம்பு மாதவிலக்குக்கான ஹார்மோன்களைக் குறைக்கும். ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பு பலம் இழக்கும். அந்தக் காலால்தான் சிமெண்டுத் தரையில் பாதத்தை ஓங்கித் தட்டுகிற தட்டடவு போட்டுக்கொண்டிருந்தாள். ஓட்டக்காரர்களுக்கும் இது வருகிறது. 2014-இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இதற்கென்று ஒரு பெயரே வைத்தது.

எட்டு வாரம் தட்டடவு கிடையாது. உட்கார்ந்தபடி அபிநயம் மட்டும். பரதக் கலைஞர் பாலசரஸ்வதி ஒல்லியாக இல்லாத வயதிலும் அபிநயத்தால் சபையைக் கட்டிப்போட்டவர் என்று அவளிடம் சொன்னேன். தலையாட்டினாள். நம்பினாளா என்றால், இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

அரங்கேற்றம் தள்ளிப்போனது. மாதவிலக்கு திரும்பியது, எடையும் கூடியது. உடுப்பைப் பிரித்துத் தைக்க நானே டேப்பை எடுத்தேன். மூச்சை உள்ளிழுத்துக்கொண்டு நின்றாள். "மூச்சை விடும்மா" என்றேன்.

"முதல்ல அளந்துடுங்கக்கா, அப்புறம் விடுறேன்."