எரிபொருள் விளக்கு எரிந்த பிறகு எவ்வளவு தூரம் போகலாம்?

எரிபொருள் குறைந்ததும் ஒளிரும் மஞ்சள் விளக்கைப் பற்றி டெல்டா மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளில் ஐந்தை இங்கே எடுத்துக்கொண்டுள்ளேன். எல்லாக் கேள்விகளும் சுற்றி வந்து டேங்க்கினுள் இருக்கும் பம்பில்தான் முடிகின்றன என்பதால் பதில்களைத் தொடர்ச்சியாகப் படிப்பது நல்லது.

கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூருக்கு அடிக்கடி சென்று வருகிறேன். ஊரைத் தாண்டும்போதே விளக்கு எரிந்தால் 40 கிலோமீட்டரையும் நிற்காமல் கடந்துவிட முடியுமா? என்னுடையது சிறிய பெட்ரோல் கார். டேங்க் 37 லிட்டர்.

பெரும்பாலான நாள்களில் சென்று சேர்ந்துவிடுவீர்கள். ஆனால் எந்த நாளில் சேராமல் நிற்பீர்கள் என்பதை அந்த விளக்கு உங்களுக்குச் சொல்லாது. உங்கள் கார் அளவுள்ள வண்டிகளில் ஏறத்தாழ 5 லிட்டர் மீதமிருக்கும்போது விளக்கு எரியும்படி அமைத்திருப்பார்கள். (சரியான அளவு உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும், வண்டிக்கு வண்டி அது மாறுபடும்.) அந்த 5 லிட்டரிலும் அடியில் தங்கும் கொஞ்சம் பம்புக்கு எட்டாது. அதற்காக ஒரு லிட்டரைக் கழித்துவிடுங்கள். கையில் இருப்பது 4 லிட்டர். லிட்டருக்கு 17 கிலோமீட்டர் என்ற உங்கள் வழக்கமான மைலேஜை வைத்துப் பெருக்கினால் 68 கிலோமீட்டர் வருகிறது. தஞ்சாவூர் மிக எளிதாகத் தோன்றும்.

இனி அறுவடைக் காலத்து ஒரு மதியத்தை எண்ணிப் பாருங்கள். முன்னே நெல் அறுக்கும் இயந்திரம் சாலையை அடைத்துக்கொண்டு ஊர்ந்து போகிறது, பாபநாசம் கடைத்தெருவில் நெரிசல், ஏசி முழு வேகத்தில் ஓடுகிறது. அந்தச் சூழலில் மைலேஜ் 12-க்கு இறங்கிவிடும். 68 கிலோமீட்டர் 48 ஆகிறது. அதோடு, விளக்கு எப்போதும் ஒரே துளியில் எரிவதில்லை. டேங்க்கினுள் ஒரு மிதவை மேலும் கீழும் அசைந்து அளவைச் சொல்கிறது. பெட்ரோல் குலுங்குவதால் முள் ஆடாமலிருக்க வண்டி அந்த அளவைச் சராசரியாக்கிக் காட்டுகிறது. ஆகவே விளக்கு ஒரு லிட்டர் தாமதமாக எரிந்தாலும் வியப்பில்லை. அந்த ஒரு லிட்டரையும் கழித்தால் மிஞ்சுவது 3 லிட்டர், அதாவது 36 கிலோமீட்டர். உங்கள் 40 கிலோமீட்டர் இந்த 36-க்கும் 48-க்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது.

அதனால் விளக்கு நிலையாக எரியத் தொடங்கியதும் 25 கிலோமீட்டருக்குள் வரும் பங்க்கில் நிறுத்திவிடுங்கள் என்பதே என் பரிந்துரை. உங்கள் பாதையில் பங்க்குகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை போன்ற இடங்களுக்குச் செல்கிறவர்கள், போகும் தூரத்தோடு திரும்பி வரும் தூரத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் டேங்க்கைப் பாதிக்குக் கீழே இறங்கவிடாதீர்கள் என்றும் சொல்வேன். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பகுதியில் கரையைக் கடந்தபோது மரங்கள் விழுந்து சாலைகள் அடைபட்டன, மின்சாரமும் இல்லாமல் போயிற்று. மின்சாரமும் ஜெனரேட்டரும் இல்லாத பங்க்கில் நிலத்தடித் தொட்டி நிறைய பெட்ரோல் இருந்தாலும் அது உங்கள் வண்டிக்கு வந்து சேராது.

டாஷ்போர்டில் "இன்னும் 45 கி.மீ." என்று காட்டுகிறது, பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் 20 என்கிறது. எதை நம்புவது? (திருவாரூர்)

இரண்டும் கணக்குதான், அளவீடு அல்ல. சற்று முன் ஓட்டிய தூரத்தின் சராசரி மைலேஜை எடுத்து, மிதவை சொல்லும் மீத லிட்டரால் பெருக்கி அந்த எண்ணைக் காட்டுகிறார்கள். புறவழிச் சாலையில் ஒரே வேகத்தில் வந்திருந்தால் எண் பெரிதாக இருக்கும்; கடைவீதிக்குள் நுழைந்ததும் சுருங்கிவிடும். இனி வரப்போகும் சாலையைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. மிகக் குறைந்த நிலையில் பல வண்டிகள் எண்ணை நீக்கிவிட்டு வெறும் கோடுகளை மட்டும் காட்டுவதற்கும் காரணம் அந்தக் கணக்கை அதற்குமேல் நம்ப முடியாது என்பதே.

இன்னொன்றும் உண்டு. நம் பகுதி சமதரை என்றாலும் ஆற்றங்கரைச் சாலைகளில் ஒரு பக்கச் சக்கரங்களைச் சரிவில் இறக்கி நிறுத்துவது வழக்கம். அப்படிச் சாய்ந்து நின்ற வண்டியைக் கிளப்பியவுடன் தெரியும் அளவு தவறாக இருக்கலாம். சமதளத்தில் சிறிது தூரம் ஓடிய பிறகு காட்டுவதையே கணக்கில் கொள்ளுங்கள்.

மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டு முறை பெட்ரோல் பம்ப் மாற்றியாயிற்று. எப்போதும் ரிசர்விலேயே ஓட்டுவதால்தான் போகிறது என்கிறார் மெக்கானிக். பம்புக்கும் டேங்க்கில் உள்ள அளவுக்கும் என்ன தொடர்பு? (மன்னார்குடி)

மெக்கானிக் சொல்வதற்கு அடிப்படை இருக்கிறது. இன்றைய பெட்ரோல் கார்களில் பம்ப் என்பது டேங்க்கினுள்ளேயே மூழ்கியிருக்கும் ஒரு சிறிய மின்மோட்டார். அது உறிஞ்சும் பெட்ரோல் மோட்டாரின் உள்வழியாகவே பாய்ந்து, சுமார் 3 முதல் 4 பார் அழுத்தத்தில் எஞ்சினுக்குச் செல்கிறது. அப்படிப் பாயும்போது அது மோட்டாரின் சூட்டை எடுத்துச் செல்கிறது; சுழலும் பாகங்களுக்கு உயவாகவும் இருக்கிறது. பம்புக்கென்று தனியாக எண்ணெயோ கிரீஸோ கிடையாது. பெட்ரோல் நின்று காற்று நுழைந்தால் இந்த இரண்டு காப்பும் ஒரே நேரத்தில் போய்விடுகின்றன: உலோகம் உலோகத்தோடு உரசுகிறது, சூடு வெளியேற வழியில்லை, மோட்டாரின் கார்பன் பிரஷ்கள் வேகமாகத் தேய்கின்றன.

டேங்க் காலியாகி வண்டி நின்றுவிட்டால் அந்த ஒரு முறையிலேயே பம்ப் எரிந்துவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். அது மிகை. எஞ்சின் சுழல்வது நின்றதும் ஓரிரு நொடிகளில் வண்டியின் கணினி பம்புக்குச் செல்லும் மின்சாரத்தைத் துண்டித்துவிடுகிறது. உண்மையான சேதம் அதற்கு முன்பும் பின்பும் நடக்கிறது. முன்பு என்றால், விளக்கு எரிந்த நிலையிலேயே நாள்தோறும் ஓட்டும்போது ஒவ்வொரு வளைவிலும் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்க, பம்ப் நொடிக்கணக்கில் காற்றை விழுங்குகிறது. பம்பைச் சுற்றி ஒரு சிறு கிண்ணம் வைத்திருப்பது இதைத் தடுக்கத்தான். ஆனால் கிண்ணத்தை நிரப்பவும் டேங்க்கில் பெட்ரோல் இருக்க வேண்டுமல்லவா? பின்பு என்றால், வண்டி நின்ற பிறகு மறுபடி மறுபடி செல்ஃப் அடிப்பது. ஒவ்வொரு முறையும் வறண்ட பம்ப் வீணாகச் சுழல்கிறது.

எனினும் இரண்டு பம்புகள் இவ்வளவு விரைவில் போனதற்குப் பழக்கத்தை மட்டும் குறை சொல்லிவிட்டு மூன்றாவதை வாங்காதீர்கள். பம்பின் அடியில் உள்ள வலை அழுக்கால் அடைபட்டிருந்தால் டேங்க் நிறைந்திருந்தாலும் பம்ப் பட்டினி கிடக்கும். மின் இணைப்பில் உள்ள பிளக் கருகியிருந்தாலோ எர்த் சரியில்லாமல் இருந்தாலோ புதிய பம்பும் திணறும். பம்ப் ஓடும்போது அதன் முனையில் எத்தனை வோல்ட் கிடைக்கிறது என்று அளக்கச் சொல்லுங்கள். பேட்டரி வோல்ட்டை விட அது நன்றாகக் குறைந்திருந்தால் கோளாறு வயரிங்கில் இருக்கிறது.

பம்ப் தளர்வதை நீங்களே உணரலாம். சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல் பின் இருக்கையருகே காது கொடுத்தால் பல கார்களில் இரண்டு நொடி மெல்லிய ரீங்காரம் கேட்கும். அது ஊளையிடும் சத்தமாக மாறியிருந்தாலும், காலையில் நெடுநேரம் செல்ஃப் எடுத்தாலும், ரயில்வே மேம்பாலம் ஏறும்போது ஆக்ஸிலேட்டரை மிதித்தும் இழுவை வராமல் திணறினாலும் அழுத்தத்தை அளந்து பார்க்கும் நேரம் வந்துவிட்டது.

டேங்க் காலியாகும் நிலைக்கு வந்தால் அடியில் உள்ள கசடு முழுவதும் பம்புக்குள் போய்விடும் என்கிறார்களே? (பட்டுக்கோட்டை)

பம்ப் எப்போதுமே டேங்க்கின் அடியிலிருந்துதான் உறிஞ்சுகிறது, நிறைந்திருக்கும்போதும் அப்படியே. கசடு இருந்தால் முன்னரே வலைக்கு வந்திருக்கும். டீசல் வண்டிகளில் கவனிக்க வேண்டியது தண்ணீர். டீசலை விடக் கனமானதால் அது அடியில் தனியாகத் தங்கும். அளவு மிகவும் குறையும்போது உறிஞ்சப்படும் கலவையில் அதன் பங்கு கூடிவிடும்.

டிராக்டரில் டீசல் தீர்ந்தால் ஊற்றிவிட்டு ஏர் எடுத்து நானே கிளப்பிவிடுவேன். டீசல் காரிலும் அப்படிச் செய்யலாமா? காலியானால் முதலில் என்ன செய்ய வேண்டும்? (திருத்துறைப்பூண்டி)

டிராக்டர் அனுபவத்தை அப்படியே காருக்குக் கொண்டுவராதீர்கள். பழைய டிராக்டர்களின் இன்லைன் பம்புகள் பலவற்றுக்கு எண்ணெய் தனியாகக் கிடைக்கும்; டீசல் தீர்ந்தால் காற்று புகுந்து வண்டி நிற்கும், அவ்வளவுதான். இன்றைய டீசல் கார்களில் இருப்பது, ரெயில் எனப்படும் ஒரே பொதுக் குழாயிலிருந்து எல்லா இன்ஜெக்டர்களுக்கும் டீசல் செல்லும் காமன் ரெயில் அமைப்பு; அதில் உயர் அழுத்தப் பம்புக்கு டீசலே உயவு. ஆயிரம் பாரைத் தாண்டும் அழுத்தத்தை உண்டாக்கும் அந்தப் பம்ப் வறண்டு சுழன்றால் உட்பாகங்கள் உராய்ந்து நுண்ணிய உலோகத் துகள்கள் உதிரலாம். அவை ரெயிலுக்கும் இன்ஜெக்டர்களுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டால் பம்பை மட்டும் மாற்றினால் தீராது. செலவு பெட்ரோல் பம்பைப் போலப் பல மடங்காகிவிடும். எனவே பெட்ரோல் காரை விட டீசல் காரில்தான் இந்த விளக்குக்கு விரைவாகக் கீழ்ப்படிய வேண்டும்.

நின்றேவிட்டால், வண்டி உருளும்போதே ஓரங்கட்டி ஹசார்டு விளக்குகளைப் போடுங்கள். எஞ்சின் நின்ற பிறகு ஸ்டீயரிங்கும் பிரேக்கும் கனமாகிவிடும். செல்ஃப் அடிக்காதீர்கள். ஒரு லிட்டர் ஊற்றிப் பார்ப்பதும் வேண்டாம். சரிவில் நின்றால் அது பம்புக்கே எட்டாது. முறையான கேனில் 5 லிட்டராவது கொண்டுவந்து ஊற்றுங்கள். பெட்ரோல் வண்டியில் சாவியை ஆன் செய்து மூன்று நொடி பொறுத்து ஆஃப் செய்வதை ஐந்தாறு முறை செய்தால் பம்ப் குழாயை நிரப்பிவிடும். பிறகு ஸ்டார்ட் செய்யலாம். டீசல் வண்டியில் ஃபில்டர் அருகே கைப்பம்ப் இருந்தால் அது இறுகும் வரை அழுத்துங்கள்; கைப்பம்ப் இல்லாமல் டேங்க்கில் மின்பம்ப் உள்ள வண்டியென்றால் சாவி முறையே பொருந்தும். இன்ஜெக்டருக்குச் செல்லும் உலோகக் குழாயின் நட்டை டிராக்டரில் தளர்த்துவது போல ஒருபோதும் தளர்த்தாதீர்கள். அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். பத்து நொடிக்கு மேல் தொடர்ந்து செல்ஃப் எடுக்காமல், நடுவே ஒரு நிமிடம் விட்டு, மூன்று முறை முயன்றும் கிளம்பவில்லை என்றால் அதற்குமேல் முயலாமல் மெக்கானிக்கை வரவழைத்துவிடுங்கள்.