64 முகங்கள், 5 மணி நேரம்: குழுப்படத் திருத்தம் பற்றிய கேள்வி பதில்

மாட்டுங்காவில் 19 ஆண்டுகளாகப் படத் திருத்த வேலை செய்கிறேன். கல்யாணம், சீமந்தம், அறுபதாம் கல்யாணம் என்று மும்பைத் தமிழ்க் குடும்பங்களின் குழுப்படங்கள்தாம் என் மேசைக்கு அதிகம் வருகின்றன. நேரத்தை முகங்களுக்கு எப்படிப் பங்கிடுவது என்பதைப் பற்றி மட்டும் கேளுங்கள். எந்தக் கேமரா வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

செம்பூர்: அக்கா, அறுபதாம் கல்யாணப் படம். நான்கு வரிசையில் 64 பேர். 12க்கு 18 அங்குலத்தில் நாளைக் காலை பிரிண்ட் போக வேண்டும். கையில் 5 மணி நேரம். ஒரு முகத்துக்கு எத்தனை நிமிடம் ஒதுக்கலாம்?

தம்பி, 300 நிமிடத்தை 64ஆல் வகுத்தால் ஐந்து நிமிடம்கூடத் தேறாது. அப்படி வகுத்துக்கொண்டு முதல் வரிசையின் இடது ஓரத்திலிருந்து தொடங்கினால், மூன்றாம் வரிசைக்கு வரும்போது விடிந்திருக்கும். கடைசி வரிசைக்கு ஒன்றும் மிஞ்சாது.

முதலில் ஒரு முகம் தாளில் எவ்வளவு பெரிதாக வரும் என்று பாருங்கள். உங்கள் படம் 6000 பிக்சல் அகலம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வரிசையில் 16 பேர் தோளோடு தோள் நின்றால் ஒரு முகத்துக்கு ஏறத்தாழ 120 பிக்சல் கிடைக்கும். 18 அங்குலத் தாளில் அது 9 மில்லிமீட்டர், சுண்டுவிரல் நகத்தின் அகலம். அந்த அளவில் பரு தெரியாது, மயிர்த்துளை தெரியாது. மூடிய கண் தெரியும், கண்ணாடியில் விழுந்த வெளிச்சம் தெரியும், நெற்றிப் பளபளப்பு தெரியும், முகம் இருட்டாக இருந்தால் தெரியும். உங்கள் 5 மணி நேரமும் இந்த நான்குக்குத்தான்.

நான் செய்வது இப்படி. முதல் 40 நிமிடம் எந்த முகத்தையும் தொடமாட்டேன். வரிசைகளின் வெளிச்சத்தைச் சமன் செய்வேன். கேமரா மேலிருக்கும் ஃபிளாஷிலிருந்து முன்வரிசை 4 மீட்டர், பின்வரிசை 6 மீட்டர் என்றால் பின்னால் நிற்பவர்களுக்குப் பாதிக்கும் குறைவான வெளிச்சம்தான் சேரும். ஃபிளாஷ் குறையும் இடத்தில் மண்டபத்து மஞ்சள் விளக்கு மேலோங்கும், அதனால் கடைசி வரிசை இருண்டும் மஞ்சளாகவும் இருக்கும். வரிசைக்கு ஒரு மாஸ்க் போட்டு வெளிச்சத்தையும் நிறத்தையும் சரிசெய்தால் பின் மூன்று வரிசைகளின் 48 முகங்கள் ஒரே நேரத்தில் முக்கால்வாசி திருந்திவிடும். இதை விட்டுவிட்டு முகம் முகமாகப் பிரஷ் எடுத்தால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு நிறத்தில் வந்து நிற்பார்கள்.

அடுத்த 40 நிமிடம் அதே கூட்டத்தை எடுத்த மற்ற ஃபிரேம்களைப் பார்ப்பதற்கு. யாருடைய கண் எந்த ஃபிரேமில் திறந்திருக்கிறது என்று ஒரு தாளில் வரிசைவாரியாக எழுதிக்கொள்வேன். பிறகு ஆளுக்கு ஒரு நிமிடம், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, 64 பேருக்கும். அந்தச் சுற்றில் பெரிய கோளாறு உள்ளவர்களைக் குறித்துவைப்பேன். இந்த அளவுக் கூட்டத்தில் ஒன்பது பத்துப் பேர் தேறுவார்கள், அவர்களுக்குத் தலைக்கு 10 நிமிடம். தம்பதிக்கு ஆளுக்கு 15. ஒன்பது பேர் என்று வைத்து எல்லாம் கூட்டினால் 264 நிமிடம் வரும், சிலர் பக்கம் ஓரிரு நிமிடம் கூடினாலும் தாங்கும். எஞ்சிய அரைமணி நேரம் முழுப்படத்தைப் பிரிண்ட் அளவில் வைத்துப் பார்க்க வேண்டியது. அதை எடுத்து முகங்களுக்குக் கொடுக்காதீர்கள்.

சயான்: எந்த மென்பொருள் நல்லது?

லேயரும் மாஸ்க்கும் உள்ள எதுவும்.

தாணே: தோலின் நயத்தையும் நிறத்தையும் தனித்தனி லேயராகப் பிரித்துத் திருத்தினால் தரம் கூடும். எல்லா முகத்துக்கும் அதையே செய்துவிட்டால் என்ன?

பாதி சரி. முகம் மட்டுமே நிறைந்த படத்தில் அது அருமையான முறை, நானும் மணப்பெண் படங்களுக்கு அப்படித்தான் செய்கிறேன். 120 பிக்சல் முகத்தில் பிரிப்பதற்குத் தோலின் நயம் என்று ஒன்றும் பதிவாகியிருக்காது. 400 சதவீதம் பெரிதாக்கிப் பார்ப்பதால்தான் இருப்பதாகத் தோன்றுகிறது. அந்தப் பெருக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் இழைக்கும் அரைமணி நேர வேலை தாளில் ஒரு மில்லிமீட்டர்கூட இராது.

ஃபோட்டோஷாப்பில் ஒரே படத்தை இரண்டு சாளரங்களில் திறக்கலாம். `Window > Arrange` பட்டியலின் கடைசியில் `New Window for` என்று இருக்கும். ஒன்றில் வேலை செய்யுங்கள், மற்றொன்று பிரிண்ட் அளவிலேயே இருக்கட்டும். அதில் மாற்றம் தெரியாத நிமிடத்தில் அடுத்த முகத்துக்குப் போய்விடுங்கள்.

முலுண்ட்: ஆட்களின் எண்ணிக்கையை மூன்றால் வகுத்து அத்தனை படம் எடுத்தால் ஒன்றிலாவது எல்லாருடைய கண்ணும் திறந்திருக்கும் என்று படித்தேன். 64 பேருக்கு 22 எடுத்தால் ரீடச்சே வேண்டாமே?

அந்தக் கணக்கு உண்மையானது. ஆஸ்திரேலியாவின் அறிவியல் ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓவைச் சேர்ந்த நிக் ஸ்வென்சன், பியர்ஸ் பார்ன்ஸ் இருவரும் போட்டது, வேடிக்கையான ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசையும் 2006இல் பெற்றது. ஆனால் அது 20 பேருக்கும் குறைவான குழுவுக்கு, அதுவும் நல்ல வெளிச்சத்தில். வெளிச்சம் மங்கினால் இரண்டால் வகுக்க வேண்டும். 50 பேரைத் தாண்டினால் ஒரே ஃபிரேமில் எல்லாக் கண்ணும் திறந்திருக்கும் என்பதை மறந்துவிடலாம். ஆகவே 64 பேருக்கு முகம் மாற்றித்தான் ஆக வேண்டும். முக்காலியில் வைத்து எடுத்த ஏழெட்டு ஃபிரேம் போதும். `File > Scripts > Load Files into Stack` வழியாக ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, தானாகப் பொருத்தும் கட்டத்தில் குறியிட்டுவிடுங்கள். கண்ணை மட்டும் வெட்டி ஒட்டாதீர்கள், பார்வை எங்கோ போகும். நெற்றியிலிருந்து தாடை வரை முழு முகத்தையும் எடுங்கள்.

வாஷி: மேடம், 40 பேர் படம். ஒரு முகத்துக்கு எத்தனை நிமிடம்?

செம்பூர்த் தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

டோம்பிவிலி: அம்மா, நான் 71 வயதுக்காரன். என் தம்பியின் அறுபதாம் கல்யாணப் படத்தில் கடைசி வரிசையில் நின்றேன். தம்பதி முகம் பளிச்சென்று இருக்கிறது, நான் நிழல்போல் இருக்கிறேன். தம்பதிக்கு 15 நிமிடம், எங்களுக்கு 1 நிமிடம் என்பது என்ன நியாயம்?

ஐயா, உங்கள் கோபம் சரியானது. உங்கள் முகம் நிழலாக வந்ததற்குக் காரணம் அந்த ஒரு நிமிடம் அல்ல. திருத்தியவர் வரிசை வெளிச்சத்தைச் சமன் செய்யாமல் தம்பதியிடமே உட்கார்ந்துவிட்டார். நான் சொல்லும் வரிசைப்படி செய்தால் முதல் 40 நிமிடத்தில் பெரும்பங்கு உங்களுக்கும் உங்கள் வரிசைக்கும்தான்.

அந்தேரி: நான் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். பணம் கொடுப்பவர் முதலில் தன் முகத்தைத்தான் பார்ப்பார். அதற்குத்தான் நேரம். கடைசி வரிசைக்காரர் யாரும் எனக்குக் காசு தரவில்லை.

பணம் கொடுப்பவர் ஒரு பிரிண்ட் வாங்குவார். மீதி வீடுகளுக்குப் பிரதி போகும்போது ஒவ்வொரு வீட்டிலும் முதலில் பார்ப்பது அவரவர் முகத்தை.

டோம்பிவிலி: அப்படியானால் எல்லாருக்கும் சமமாகவே கொடுக்கலாமே!

சமமாகக் கொடுத்தால் கண்மூடியவருக்கும் ஒன்றும் தேவைப்படாதவருக்கும் ஒரே நேரம் என்றாகும். என் கணக்கில் கோளாறுக்குத்தான் நேரம், ஆளுக்கு அல்ல. தம்பதியின் 15 நிமிடம் மட்டும் விதிவிலக்கு. அதைப் பத்தாகக் குறைத்துக் கண்ணாடி போட்டவர்களுக்குக் கொடுக்கலாமா என்று நீங்கள் கேட்டால் மறுக்க என்னிடம் வலுவான காரணம் இல்லை. ஒரு சாராரை மட்டும் விட்டுக்கொடுக்கமாட்டேன், அவர்கள் முதியவர்கள். அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

பாண்டுப்: போன மாதம் பாட்டி காலமானார். தனிப்படம் இல்லை. பேரன் கல்யாணக் குழுப்படத்தில் மூன்றாம் வரிசையில் இருக்கிறார். வெட்டிப் பெரிதாக்கி மாலை போட வேண்டும். எவ்வளவு நேரம் ஆகும்?

இது வேறு வேலை, தனி நேரம் வேண்டும். முதலில் எடுத்தவரிடம் திருத்தாத மூலக் கோப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். எல்லா ஃபிரேமும் வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் வந்ததை வைத்துத் தொடங்காதீர்கள். எவ்வளவு சின்ன அளவில் வைக்கிறீர்களோ அவ்வளவு குறைவாகக் கண்ணை உறுத்தும்.

என் கையால் நடந்த ஒரு தவறைச் சொல்கிறேன். ஒரு குடும்பத்தின் குழுப்படத்தில் அவசரத்தில் எல்லா முகத்தையும் ஒரே மென்மையாக்கலில் ஓட்டிவிட்டேன். இரண்டு ஆண்டு கழித்து அந்த வீட்டார் இதே காரணத்துக்காக வந்தார்கள். மூலக் கோப்பு யாரிடமும் இல்லை. பெரிதாக்கியபோது பாட்டியின் கன்னத்தில் ஒரு கோடு இல்லை, வாயோரத்துச் சுருக்கம் இல்லை. மகள் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "இது அம்மா மாதிரி இல்லையே" என்றார். அதிலிருந்து 70 வயதைத் தாண்டிய எல்லாருக்கும் ஆளுக்கு நான்கு நிமிடம் ஒதுக்குகிறேன். அதில் சுருக்கத்தைத் தொடுவதில்லை. கண்ணைத் தெளிவாக்குவது, கண்ணாடி வெளிச்சத்தைத் தணிப்பது, அவ்வளவுதான். மச்சமும் தழும்பும் அப்படியே இருக்கும். திருத்தாத கோப்பு தனி டிஸ்க்கில் இருக்கும்.

கல்யாண்: அத்தை முகத்தை மட்டும் கொஞ்சம் வெளுப்பாக்கச் சொல்கிறார்கள். எத்தனை நிமிடம்?

பூஜ்யம். வரிசை வெளிச்சம் சமனானால் அத்தை அவருடைய நிறத்தில் தெளிவாகத் தெரிவார். மாநிறத்தை வெளுக்காதீர்கள். மடியில் இருக்கும் கையையும் கழுத்தையும் பாருங்கள், முகம் அவற்றைவிட வெளுத்திருந்தால் வேலை கெட்டுவிட்டது என்று பொருள்.

போரிவலி: கண்ணை மூடியிருந்தவரைத் திறக்க வைப்பது பொய்தானே? அந்த நொடி நடக்கவே இல்லையே.

அதே மேடையில் அடுத்த நொடி நடந்ததுதான். ஆனால் வராத ஒருவரை வேறு படத்திலிருந்து கொண்டுவந்து நிறுத்தக் கேட்டால் நான் செய்வதில்லை. கோடு எங்கே என்பதில் எங்கள் கடையிலேயே ஒருமித்த கருத்து இல்லை.

அம்பர்நாத்: ஒரு முகத்துக்கு எத்தனை நிமிடம் என்று ஒரே எண்ணாகச் சொல்ல முடியுமா?

முடியாது. மூன்றாவது தடவை. மேலே படியுங்கள்.

செம்பூர்: அக்கா, இன்னும் 25 நிமிடம்தான். மீதி மூன்று பேர். சம்பந்தி மாமாவின் கண்ணாடியில் வெளிச்சம், அத்தையின் நெற்றியில் பளபளப்பு, நான்காம் வரிசையில் பாதி முகம் மறைந்த பையன்.

அத்தையின் நெற்றி முதலில், இரண்டு நிமிடம். பக்கத்துத் தோலின் நிறத்தைப் பாதி அடர்த்தியில் மேலே தடவுங்கள், பளபளப்பு முழுக்கப் போகக் கூடாது, நெற்றி தட்டையாகிவிடும். பையனை விட்டுவிடுங்கள், வேறு ஃபிரேமில் முழு முகம் இருந்தால் இதற்குள் நீங்களே எடுத்திருப்பீர்கள். மாமாவுக்கு 13 நிமிடம். வேறு ஃபிரேமில் தலை சற்றுத் திரும்பியிருந்தால் அந்த முகத்தை எடுங்கள். இல்லையென்றால் வெளிச்சத்தின் வெண்மையை மட்டும் தணித்துவிட்டு நிறுத்துங்கள், இல்லாத கண்ணை வரைய முயலாதீர்கள்.

மிஞ்சும் 10 நிமிடத்தில் படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். முகங்கள் யாருடையவை என்று மனம் தேடாது, கூடுதலாக வெளுத்ததும் இருண்டதும் உடனே கண்ணில் படும். அவற்றை மட்டும் சரிசெய்து அனுப்பிவிடுங்கள்.