முந்தி நூல் மட்டும் போதாது

"டவுன் ரத வீதியில் தம்பி கல்யாணத்துக்குச் சேலை எடுக்கிறோம். தடவிப் பார்த்தால் எல்லாமே பட்டு மாதிரிதான் இருக்கு. எப்படிக் கண்டுபிடிக்க?"

அக்கா, வழுவழுப்பை நம்பாதீர்கள், செயற்கைப் பட்டு இன்னும் வழுக்கும். வாசல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பட்டின் மினுக்கம் மடிப்புக்கு மடிப்பு மாறும், மற்றது ஒரே வெள்ளையாகப் பளபளக்கும்.

முக்கியமானது நூல். முந்தியில் தொங்குவது நீளவாக்கில் ஓடும் பாவு நூல் மட்டுமே. என் மதினி சேலையில் அதை எரித்து, பட்டென்று நம்பி ஏமாந்தோம்; குறுக்கே ஓடும் ஊடை முழுக்க ரேயான் என்ற செயற்கைப் பட்டு. அதனால் வெட்டிய ஓரத்தில் ஊடை நூலையும் ஒன்று உருவித் தரச் சொல்லுங்கள். நனைத்து இழுத்தால் ரேயான் சட்டென்று அறும், பட்டு தாங்கும். ஆனால் பாலியஸ்டரும் தாங்கும், அதனால் வெளியே வந்து இரண்டு நூலையும் தனித்தனியாகக் கொளுத்துங்கள். பட்டு மெதுவாக எரிந்து, தீயை எடுத்ததும் அணையும். முடி கருகிய வாடை வரும், கரி விரலில் பொடியும். ரேயான் காகிதம் போல விறுவிறுவென்று எரியும். பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாகும். சரிகை இழையைக் கொளுத்த வேண்டாம், அது வேறு கணக்கு.

நூல் தர மறுத்தால் அந்தச் சேலையை விட்டுவிடுங்கள்.