சான்றிதழில் ‘இயற்கைக் கல்’ என்றிருந்தால் போதுமா?

“ஜோதிடர் 5 ரத்தி கனக புஷ்பராகம் அணியச் சொன்னார். கடையில் ‘இயற்கைக் கல்’ என்று சான்றிதழோடு தருகிறார்கள். சூடேற்றாத கல்தானா, விலை நியாயமானதா என்று எப்படி அறிவது?”

அந்தச் சான்றிதழ் உங்கள் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. ‘இயற்கை’ என்றால் கல் மண்ணில் விளைந்தது, ஆய்வுக்கூடத்தில் வளர்த்ததல்ல என்பது மட்டுமே பொருள். வெளிறிய கல்லை உலையில் 1,600 டிகிரிக்கும் மேல் சூடேற்றி மஞ்சளாக்கினாலும் அது ‘இயற்கை’ என்றே எழுதப்படும். ஆகவே அறிக்கையில் ‘ட்ரீட்மெண்ட்’ அல்லது ‘கமெண்ட்ஸ்’ என்ற வரியைத் தேடுங்கள். ‘நோ இண்டிகேஷன்ஸ் ஆஃப் ஹீட்டிங்’ என்றிருந்தால்தான் சூடேற்றிய தடயம் இல்லை என்று பொருள். அந்த வரியே இல்லாத சிறு அட்டைகள்தான் சந்தையில் அதிகம். சோதிக்காமல் விட்டதை ‘சுத்தமான கல்’ என்று வாசித்துவிடாதீர்கள்.

சூடேற்றும்போது பெரிலியத்தைச் சேர்த்து நிறம் ஏற்றும் முறையும் உண்டு; இது 2002 வாக்கில் வெளிச்சத்துக்கு வந்தது. வெறும் சூடு என்றால் கல்லினுள் இருக்கும் மெல்லிய ஊசி இழைகள் கரைந்திருப்பதை நுண்ணோக்கியில் காணலாம். பெரிலியம் அப்படி எளிதாகச் சிக்காது. அதற்கு லேசரால் கல்லின் துளியை ஆராயும் கருவி வேண்டும். அடர் மஞ்சளாகவும், பெரிதாகவும், மாசற்றதாகவும், மலிவாகவும் ஒரு கல் கிடைத்தால் இந்தச் சோதனை நடந்திருக்கிறதா என்று கேளுங்கள். பாலில் போட்டுப் பார்ப்பது போன்ற கடைச் சோதனைகளால் எதுவும் தெரியாது. புஷ்பராகம் என்ற பெயரில் சிட்ரின், டோபாஸ் விற்கப்படுவதும் உண்டு. கனக புஷ்பராகம் என்றால் அறிக்கையில் ‘சஃபையர்’ என்றிருக்க வேண்டும்.

விலையில் குழப்பம் பெரும்பாலும் அளவில்தான். இன்று ரத்தினக் கடைகளில் வழங்கும் ஒரு ரத்தி ஏறத்தாழ 0.91 கேரட். எனவே உங்கள் 5 ரத்தி, சுமார் 4.55 கேரட். ஒரு கடை ரத்திக்கு 9,000 ரூபாய், இன்னொன்று கேரட்டுக்கு 9,500 ரூபாய் என்று சொன்னால் முதல் கடைதான் மலிவு என்று தோன்றும். கணக்குப் போட்டால் முதல் கடையின் விலை கேரட்டுக்கு 9,890 ரூபாய் ஆகிறது. ஒப்பிடும் கற்களும் ஒரே தரத்தில், ஒரே மாதிரி அறிக்கையோடு இருக்க வேண்டும். சூடேற்றிய கல்லும் ஏற்றாத கல்லும் ஒரே விலைக்குரியவை அல்ல. ஜோதிடரே குறிப்பிட்ட கடைக்கு அனுப்பினால், அவருக்குரிய கமிஷனும் உங்கள் விலையில் சேர்ந்திருக்க வாய்ப்பிருக்கிறது. பலன் கிடைக்குமா என்பதை எந்த ஆய்வுக்கூடமும் சொல்லாது. அதை நான் உங்கள் நம்பிக்கைக்கே விட்டுவிடுகிறேன்.

மோதிரத்தில் பதிப்பதற்கு முன், கல்லைத் தனியாகவே வாங்குங்கள். அறிக்கையில் எடையும் மில்லிமீட்டர் அளவும் இருக்கும். கடைத் தராசில் அதே எடை வருகிறதா என்று பார்த்து, அறிக்கை எண்ணை அந்த ஆய்வுக்கூடத்தின் இணையத்தளத்தில் நீங்களே தட்டிச் சரிபாருங்கள். பில்லில் ‘சூடேற்றப்படாதது’ என்று எழுதி வாங்கி, வேறு ஆய்வுக்கூடம் மாற்றிச் சொன்னால் பணம் திரும்பத் தரப்படும் என்பதையும் அதிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கும் கடையில் வாங்க வேண்டாம்.