காலையில் கை நடுங்குபவரைத் திடீரெனக் குடியை நிறுத்த வைக்கலாமா?

"மாமா தினமும் குடிக்கிறார். காலையில் கை நடுங்குகிறது, ஒரு பியர் போனதும் நின்றுவிடுகிறது. லாங் வீக்கெண்டில் வீட்டிலேயே வைத்து நிறுத்திவிடலாமா?"

வேண்டாம். வெறுமனே அதிகம் குடிப்பவர் என்றால் அளவைக் குறைத்தாலே பெரும்பாலும் போதும். குடியால் ஈரலோ மனமோ ஏற்கெனவே கெட்டிருந்தால் பாலிகிளினிக் டாக்டரிடம் தொடங்கலாம். மாமாவின் நடுக்கம் குடித்ததும் அடங்குகிறதே, அது உடம்பே சாராயத்தைச் சார்ந்துவிட்டதன் அடையாளம். இவர் சட்டென்று நிறுத்தினால் முதல் 2 நாளுக்குள் வலிப்பு வரலாம். 3ஆம் நாள் வாக்கில் புத்தி குழம்பி, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியலாம், உயிருக்கே ஆபத்து. மன உறுதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

சிங்கப்பூரில் புவாங்கோக்கில் உள்ள மனநலக் கழகத்தின் போதைப்பழக்கப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். மருந்து கொடுத்து, அதைப் படிப்படியாகக் குறைப்பார்கள். வைட்டமின் பி1-உம் தருவார்கள். அதுவரை நீங்களாக நிறுத்த வைக்காதீர்கள். வலிப்போ குழப்பமோ வந்தால் உடனே ஆம்புலன்ஸுக்கு 995.